பதினாறு மெகாபிக்சலில் அம்மா

ஹட்டன் நகரில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவில் கலியாணப் படங்களைவிட இறந்தவர்களின் படங்களைத்தான் நான் அதிகம் செய்திருக்கிறேன். தோட்டங்களிலிருந்து வருபவர்கள் கையில் எப்போதும் ஒரு கூட்டப் படம்தான் இருக்கும். யாருடைய சடங்கிலோ, எந்தத் திருவிழாவிலோ எடுத்தது. அதில் ஓரமாக நிற்கும் ஒரு முகத்தைக் காட்டி, இவரை மட்டும் தனியாக எடுத்துக் கொடுங்கள் என்பார்கள். நான் அந்த முகத்தை வெட்டி எடுத்து, பின்னால் நீல நிறம் போட்டு, தலைமுடியைச் சீராக்கி, சட்டகத்துக்கு ஏற்றபடி பெரிதாக்குவேன். அவர் தோளில் கிடக்கும் பக்கத்து ஆளின் கையை அழிப்பதுதான் பெரும்பாலும் கஷ்டமான வேலை. முகம் எப்படியாவது வந்துவிடும்.

சில நேரம் வராது. அப்போது இந்தப் படத்தை எப்படி அனுப்பினீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்பேன். போனிலேயே நன்றாகத்தானே தெரிகிறது என்பார்கள். போனில் தெரியும்தான். உள்ளங்கை அளவுத் திரையில் எல்லாமே தெளிவாகத் தெரியும். பெரிதாக்கும்போதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்பது புலப்படும். இதை எத்தனையோ பேருக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன். என் அம்மா இறந்த பிறகு அதே விஷயத்தை என் தம்பிக்குச் சொல்ல வேண்டி வந்தது.

எங்கள் தோட்டம் றொசல்லப் பக்கம். அம்மா அங்கே கொழுந்து எடுத்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து, முழங்கால் வலியோடு ஓய்வு பெற்றவர். நான் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய் வருவேன். தம்பி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் இருந்தான். நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான் வீட்டுக்கு வருவான்.

அம்மா படம் எடுக்க விடமாட்டார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. யாராவது போனைத் தூக்கினாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்வார், அல்லது அடுப்படிக்குப் போய்விடுவார். கலியாணப் படம் ஒன்று இருந்தது. நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீட்டின் கூரை ஒழுகி, சுவரில் ஏறிய ஈரம் கண்ணாடிக்குள்ளும் போய், அப்பா இருந்த பக்கம் மட்டும்தான் மிஞ்சியது. அடையாள அட்டையில் இருந்த முகத்தைக் கறுப்பு வெள்ளை நிழல் என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஸ்டூடியோவில் வேலை செய்யும் மகளைப் பெற்றவர் ஒருநாள்கூட என் கமராவின் முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை. நான் கூப்பிடாமலும் இல்லை. போகலாம், போகலாம் என்பார். பிறகு பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு தைப்பொங்கலுக்கு வந்தபோது தம்பி புதுப் போன் வைத்திருந்தான். நூற்றெட்டு மெகாபிக்சல் கமரா என்று பெருமையாகச் சொன்னான். விடுமுறையை இரண்டு நாள் நீட்டிக்கொண்டு நின்றவன், ஒரு பிற்பகல் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே உள்ள மேட்டில் ஏறி நின்றான். கீழே எங்கள் டிவிஷன் பெண்கள் எல்லோரும் கூடைகளோடு தராசுக்காகக் காத்திருந்தார்கள். பின்னால் மலைச் சரிவு, அதற்கும் பின்னால் மூடுபனி. அந்த முழுக் காட்சியையும் அந்த நூற்றெட்டில் ஒரே படமாக எடுத்தான். யாருக்கும் தெரியாது. அதனால்தான் அம்மா வாயை மூடவில்லை. வலது ஓரத்தில், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியபடி, எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை எங்கள் வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தம்பி அதை எனக்குக் காட்டினான். இரண்டு விரலால் விரித்தான். முதலில் பெண்கள் கூட்டம், பிறகு அம்மாவும் பக்கத்தில் இருந்தவர்களும், பிறகு அம்மாவின் முகம் மட்டும். தொழில் பழக்கத்தில் நான் நன்றாகவே பார்த்தேன். புருவத்துக்கு மேலே இருந்த சிறு தழும்பு தெரிந்தது. மூக்குத்தியின் ஓரத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு. நெற்றியில் ஒட்டிக்கிடந்த நரைமுடிகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. உடைந்த பல்லும் தெரிந்தது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அய்ய, பல்லு தெரியுது. இத அழிச்சிருடா" என்றார்.

தம்பி சிரித்துக்கொண்டு போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அழிக்கவில்லை. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். எல்லோரும் ஒரு இதயம் போட்டுவிட்டு மறந்துவிட்டோம்.

சில மாதம் கழித்து, கொழுந்து எடுக்கும்போது அம்மாவைக் குளவி கொட்டியது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. மலையில் எந்த மரத்தில் கூடு கட்டியிருக்கிறது என்று சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. அன்று காற்றும் பலமாக இருந்ததாம். கலைந்து வந்த குளவிகள் நாலைந்து பெண்களைக் கொட்டின. மற்றவர்கள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அம்மா சரிவில் வழுக்கி விழுந்துவிட்டார். அவரைத் தூக்கி வந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சில்லை. பொழுது சாயும் முன் போய்விட்டார்.

முகம் வீங்கியிருந்தது. வீக்கம் என்று சாதாரணமாகச் சொன்னால் போதாது. கண்கள் இருந்த இடமே தெரியவில்லை. பெட்டிக்குள் வைத்து லயத்துக்குக் கொண்டுவந்தபோது அப்பா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்து பார்த்தார். பிறகு எங்களிடம், "முகத்த மூடிருங்க" என்று மட்டும் சொன்னார். அடக்கம் முடியும்வரை அவர் பெட்டிக்குக் கிட்டேயே வரவில்லை.

அதனால்தான் கருமாதிக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்பது எங்கள் வீட்டில் வெறும் சடங்காக இல்லை. அப்பா வாயைத் திறந்து அதிகம் பேசாதவர். அவர் தானாகவே என்னிடம் வந்து, அம்மாவின் முகத்தைப் பெரிதாகச் செய்து கொடு, பழைய முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது, கண்ணை மூடினால் பெட்டிக்குள் இருந்ததுதான் வருகிறது என்றார். நான் செய்து தருகிறேன் என்றேன். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மடுவத்துப் படம் இருக்கிறது. அதில் முகம் எப்படி இருந்தது என்று என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

தம்பி படத்தை எனக்கு மெயிலில் அனுப்பினான். நான் கடையில் கணினியில் திறந்தேன். முழுப் படமாகப் பார்த்தபோது அதே காட்சிதான், அழகாகவே இருந்தது. வலது ஓரத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். முகத்தின் வடிவம் வந்தது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு பழுப்புத் திட்டுகள். நரைமுடிகள் எல்லாம் சேர்ந்து நெற்றியில் ஒரு சாம்பல் பூச்சாகிவிட்டிருந்தன. மூக்குத்தியைக் காணோம். கன்னம் மெழுகு தேய்த்ததுபோல வழவழவென்று கிடந்தது. வாய் ஒரு கறுப்புக் கோடு.

வாட்ஸ்அப்பில் போட்டதை எடுத்து அனுப்பிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். போன் பண்ணி, போனில் இருக்கும் அசல் படத்தை அனுப்பு என்று சொன்னேன். இதுதான் அசல், நேராகப் போட்டோ ஆப்பிலிருந்து இறக்கியது என்றான். போனையே எடுத்துக்கொண்டு கடைக்கு வா என்றேன். அவன் இன்னும் கொழும்புக்குத் திரும்பியிருக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான்.

போனை வயரில் மாட்டி, படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தேன். கடைசிச் சில வாரப் படங்கள் மட்டும்தான் இருந்தன. பொங்கல் படம் ஒன்றுகூட இல்லை. ஆப்பைத் திறந்தால் எல்லாம் இருந்தது; ஆனால் அவை போனில் இல்லை, இணையத்தில் இருந்து காட்டப்பட்டவை. அமைப்புகளுக்குப் போய்ப் பார்த்தேன். படங்களைச் சேமிக்கும் தரம் என்ற இடத்தில் 'ஸ்டோரேஜ் சேவர்' என்று இருந்தது.

கேட்டபோது தம்பி ஒவ்வொன்றாகச் சொன்னான். புதுப் போன் வாங்கியதும் ஆப் கேட்டிருக்கிறது, அசல் தரத்திலா, இடத்தை மிச்சப்படுத்தும் தரத்திலா என்று. இலவசமாகக் கிடைக்கும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்று புடவைக் கடையில் கூட வேலை செய்பவர்கள் சொன்னதால் மிச்சப்படுத்துவதைத் தேர்ந்திருக்கிறான். பிறகு கடைப் புடவைகளை வீடியோ எடுத்து எடுத்துப் போனே நிரம்பிவிட்டது. படங்கள் எல்லாம் பத்திரமாக ஏற்றப்பட்டுவிட்டன, போனில் இருப்பவற்றை நீக்கி இடத்தைக் காலி செய்யலாமா என்று ஆப் கேட்டது. அவன் சரி என்று அழுத்தினான். எல்லோரும் அழுத்துவதுதான். நானும் அழுத்தியிருப்பேன்.

"பத்திரமா இருக்குன்னுதானே அக்கா போட்டிருந்திச்சு" என்றான்.

பத்திரமாகத்தான் இருந்தது. படம் தொலையவில்லை. ஆனால் ஏறும்போதே அது வேறு படமாக ஏறியிருந்தது. நான் ஒரு காகிதத்தை எடுத்து அவனுக்கு விளக்கினேன். வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற அதே வார்த்தைகள்தான் வாயில் வந்தன. அந்தத் தரத்தில் பதினாறு மெகாபிக்சலுக்கு மேல் உள்ள எந்தப் படத்தையும் பதினாறுக்குச் சுருக்கிவிடுவார்கள். உன் படம் நூற்றெட்டு. அகலத்தில் பன்னிரண்டாயிரம் புள்ளிகள் இருந்தது நாலாயிரத்து அறுநூறு அளவுக்கு வந்துவிட்டது. அம்மாவின் முகத்துக்கு மட்டும் நானூறு புள்ளி அகலம் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள். இப்போது நூற்றைம்பது. அந்த நூற்றைம்பதைச் சட்டக அளவுக்கு இழுத்தால் இடையில் நிரப்ப ஒன்றும் இல்லை.

அதோடும் நிற்பதில்லை. சுருக்கிய படத்தைத் திரும்பவும் அழுத்திச் சேமிப்பார்கள். சாதாரணமாகப் பார்க்கும் கண்ணுக்கு எது தெரியாதோ அதை விட்டுவிடுவதுதான் அந்த அழுத்தத்தின் வேலை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன வித்தியாசம், ஒரு முடிக்கும் அடுத்த முடிக்கும் இடையே உள்ள கோடு, தோலில் இருக்கும் சுருக்கம், புடவையின் நூல் எல்லாம் அதில் போய்விடும். மலையும் வானமும் அப்படியே இருக்கும். முழுப் படத்தைப் பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுகிறவனுக்குத்தான் தெரியும்.

தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனான். சிறிது நேரம் கழித்து உள்ளே வந்தான். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"இப்ப ஒரிஜினல் குவாலிட்டின்னு மாத்திட்டேன் அக்கா. இப்ப டவுன்லோட் பண்ணிப் பாருங்க."

அதற்குப் பதில் சொல்வதைப் போலக் கஷ்டமான வேலை அந்த நாட்களில் எனக்கு வேறு இருக்கவில்லை. அம்மாவின் சேலையைப் பெட்டியில் வைத்ததுகூட அப்படி இல்லை. அவன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது இனிமே ஏத்துற படத்துக்குத்தான்டா" என்றேன். "ஏத்துனத திருப்பிக் கொண்டாராது. அங்கயும் அது இல்ல."

நம்பாமல் தானே ஒருமுறை இறக்கிப் பார்த்தான். அதே அளவு, அதே திட்டுகள். பிறகு கடைக்குள் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, நனைந்த தலையைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதான். அடக்கத்தின்போது அழாதவன். ஸ்டூடியோ முதலாளி எழுந்து, வாடிக்கையாளர் யாரும் வராதபடி கதவைப் பாதி சாத்திவிட்டுத் தேநீர் வாங்கிவரப் போனார்.

அதற்குப் பிறகும் நாங்கள் தேடினோம். பழைய மெமரி கார்டில் பார்த்தோம். அது பழைய போனுடையது. போனிலிருந்து நீக்கியதை மீட்டெடுக்க முடியுமா என்று கண்டியில் போன் திருத்தும் ஒருவரிடம் கேட்டேன். இந்தக் காலத்துப் போன்களில் உள்ளே இருப்பது எல்லாம் பூட்டுப் போட்டு எழுதப்பட்டிருக்கும், நீக்கி இவ்வளவு நாளான பிறகு ஒன்றும் கிடைக்காது, வீணாக அலைய வேண்டாம் என்றார். வாட்ஸ்அப் குழுவில் கிடந்தது இன்னும் சிறியது. அதில் அம்மாவுக்கு முகமே இல்லை. அந்தப் படத்தை வேறு யாருக்காவது அசலாகக் கொடுத்தாயா என்று தம்பியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் அவன் முகம் சிறுத்தது. பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

கருமாதி நெருங்கியது. மங்கிய படங்களைத் தெளிவாக்கும் செயலி ஒன்று எங்கள் கடையில் இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு நான் அதைப் பாவிப்பதுண்டு. வேறு வழி தெரியாமல் அம்மாவின் முகத்தையும் அதில் போட்டேன்.

சில நொடிகளில் ஒரு முகம் வந்தது. கூர்மையான கண்கள், இமைமுடிகள், உதடுகளுக்கிடையே வரிசையான வெள்ளைப் பற்கள். முகத்தின் வெட்டு அம்மாவுடையதுதான். தழும்பு இல்லை. நூற்றைம்பது புள்ளிகளில் இல்லாத ஒன்றை அது எங்கிருந்து எடுக்கும்? உலகத்தில் எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இந்த இடத்தில் ஒரு கண் இப்படி இருக்கும், ஒரு பல் இப்படி இருக்கும் என்று அதுவாக வரைந்துவிடுகிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தழும்பை நானாக வரைந்து சேர்த்தேன், ஒரு பல்லைப் பாதியாக்கினேன், மூக்குத்தியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தேன். பார்க்கப் பார்க்க அது அம்மாதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. சட்டகம் போட்டு, தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா இஸ்தோப்பில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். தம்பியும் நானும் பக்கத்தில் நின்றோம். நெடுநேரம் பார்த்தார். படத்தின் கண்ணாடியைச் சட்டையால் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றார். "ஆனா இவங்கள எனக்குத் தெரியாதும்மா."

கோபத்தில் சொல்லவில்லை. வீட்டுக்கு வழி தவறி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல மரியாதையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் படத்தை என்னிடம் நீட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து உள்ளே போய்விட்டார். பெட்டிக்குள் ஒரு முகம், இப்போது நான் கொண்டுவந்த ஒரு முகம். இரண்டும் அவர் கூட வாழ்ந்தவருடையது அல்ல.

மறுநாள் கடைக்குப் போய்ப் பதினாறு மெகாபிக்சல் படத்தையே திரும்பத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகத்தை வெட்டுவதற்காகத்தான் இத்தனை நாளும் அதைப் பார்த்திருந்தேன். வெட்டாமல் பார்த்தபோது, அந்தப் படத்தில் இருக்கும் விவரத்துக்கு எவ்வளவு பெரிய தாள் தாங்கும் என்று கணக்குப் போடத் தோன்றியது. முழுப் படமாக, இரண்டடி அகலத்துக்கு அச்சடிக்கலாம். அம்மாவின் முகம் ஒரு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விழும். அந்த அளவில் மெழுகும் திட்டும் தெரியாது. அவர் சிரிப்பது தெரியும்.

அப்படியே எதையும் தொடாமல், எந்த நிறத்தையும் கூட்டாமல் அச்சடித்தேன்.

கருமாதி அன்று அதைத்தான் விளக்குக்குப் பின்னால் வைத்தோம். ஒருவருக்கு வைக்க வேண்டிய இடத்தில் ஒரு டிவிஷனே நிற்கிறதே, உயிரோடு இருப்பவர்கள் படத்துக்கு மாலை போடலாமா என்று உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். அதனால் மாலையைச் சட்டகத்தில் போடாமல் கீழே தட்டில் வைத்தோம். அம்மாவோடு வேலை செய்த பெண்கள் வந்தார்கள். குளவி கொட்டிய ஒருவருக்குக் கையில் இன்னும் தடிப்பு இருந்தது. ஒவ்வொருவரும் படத்தில் முதலில் தன்னைத் தேடி, பிறகு அம்மாவைத் தேடினார்கள்.

அவர்களில் ஒருவர்தான், படத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவர், அன்று எதற்காகச் சிரித்தார்கள் என்று அப்பாவிடம் சொன்னார். பொங்கலுக்கு அம்மா தனக்கென்று செருப்பு வாங்கியிருந்தாராம். அதை அப்பா தன்னுடையது என்று நினைத்து அவசரத்தில் மாட்டிக்கொண்டு கடைவரை போய் வந்தாராம். அம்மா அதை நடந்து காட்டிச் சொன்னபோதுதான் அந்தச் சிரிப்பு.

அப்பாவுக்கு அது தெரியாது. "என்கிட்ட ஒன்னும் சொல்லலயே" என்றார். அந்தப் பெண்ணை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவர் படத்துக்குக் கிட்டே போனார். மிகவும் கிட்டே, மூக்கு சட்டகத்தின் கண்ணாடியில் படும் அளவுக்கு. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், தடுக்கவில்லை. கிட்டே போகப் போக முகம் கலைந்து நிறமாகிவிடும். அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பின்னால் வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அங்கிருந்து பார்த்தார். அங்கிருந்து பார்ப்பதுதான் இப்போதும் அவர் வழக்கம்.

தம்பி கொழும்புக்குத் திரும்பிவிட்டான். முன்பைவிட அடிக்கடி வருகிறான். வரும்போதெல்லாம் அப்பாவைப் படம் எடுக்கிறான். அசல் தரத்தில் ஏற்றுகிறான். அதோடு ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் தருகிறான், நான் கடைக் கணினியிலும் ஒரு பிரதி வைக்கிறேன். நானும் இப்போது வாடிக்கையாளர்களிடம் படத்தை வாங்கும்போது, போனில் இடம் காலி செய்துவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அப்பா படம் எடுப்பதை மறுப்பதில்லை. சொன்ன இடத்தில் உட்காருகிறார், சொன்ன பக்கம் திரும்புகிறார். சிரிக்கச் சொன்னால் மட்டும் பேசாமல் இருந்துவிடுகிறார். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தப் படங்களில் தாடியின் ஒவ்வொரு நரையும் தனித்தனியாகத் தெரிகிறது.